பஞ்சக் கேள்விக்கு ஒரு பஞ்சம் போதும்: தாது வருஷத்தை வைத்து விடை எழுதுவது

‘காலனி ஆட்சிக் காலத்துப் பஞ்சங்களுக்கு இயற்கையை மட்டும் காரணம் சொல்ல முடியுமா? அரசின் கொள்கைத் தவறுகளாக வரலாற்றாசிரியர்கள் எவற்றைச் சுட்டுகிறார்கள்?’

போட்டித் தேர்வுக்கும் பட்டப்படிப்புத் தேர்வுக்கும் தயாராகிறவர்கள் இந்தக் கேள்வியை ஏதோ ஒரு வடிவத்தில் சந்தித்தே தீர வேண்டும். நான் திருத்திய பயிற்சித் தாள்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். 1770 வங்காளம், 1866 ஒரிசா, 1876 சென்னை, 1896, 1899, 1943 என்று ஆண்டுகள் வரிசையாக வரும். பிறகு ‘அதிக வரி, ஏற்றுமதி, ரயில்வே, அலட்சியம்’ என்று நாலு சொல். ஆண்டுகளும் சரி, சொற்களும் சரி. ஆனால் இது விடை ஆகாது. அதிக வரிக்கும் பட்டினிச் சாவுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. கேள்வி கேட்டவர் தேடுவதே அந்த நடுப்பகுதியைத்தான்.

ஆறு பஞ்சங்களை ஆறு வரியில் எழுதுவதைவிட ஒரு பஞ்சத்தை உள்ளே போய்ப் பார்த்து எழுதினால் மதிப்பெண்ணும் வரும், விஷயமும் புரியும். அதற்கு நான் தேர்ந்தெடுப்பது 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த பஞ்சம். நம் ஊர்ப் பாட்டிமார் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொன்னது இதைத்தான். தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது 1876 ஏப்ரலில் தொடங்கியது. ஊர் மக்கள் பஞ்சத்துக்கு அந்த வருஷத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

மழை எங்கே பொய்த்தது

முதலில் இயற்கையின் பங்கை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1876இல் தென்மேற்குப் பருவமழை தக்காணத்தில் பொய்த்தது. அக்டோபருக்குப் பிறகு வரவேண்டிய வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயம்புத்தூர் போன்ற வானம் பார்த்த சீமைகளில் கம்பும் சோளமும் கேழ்வரகும் கருகின. மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணத்தின் தக்காண மாவட்டங்கள் எல்லாம் இதில் சேர்ந்தன. அந்த ஆண்டுகளில் பசிபிக் கடலில் வலுவான எல் நினோ நிலவியது என்று வானிலை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வட சீனத்திலும் பிரேசிலின் வடகிழக்கிலும் அதே சமயத்தில் பெரும் வறட்சி இருந்தது.

ஆகவே ‘பிரிட்டிஷார் பஞ்சத்தை உண்டாக்கினார்கள்’ என்று எழுத வேண்டாம். மழையை அவர்கள் நிறுத்தவில்லை. வறட்சி எப்போது, எந்த வழியாகப் பஞ்சம் ஆகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி.

தானியம் இருந்தும் ஏன் பசி

இந்த இடத்தில் அமர்த்தியா சென் கொடுத்த ஒரு கருத்து உதவும். அவர் இதை 1943 வங்காளப் பஞ்சத்தை முன்வைத்துப் பேசினார் என்றாலும் தாது வருஷத்துக்கும் பெருமளவு பொருந்தும். ஊரில் உணவு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்த உணவைப் பெறும் வழி என் கையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. நிலம், கூலி, கைத்தொழில், கடன் என்று ஏதோ ஒரு வழியாகத்தான் ஒருவருக்கு உணவு கிடைக்கிறது. அந்த வழி அறுந்தால், சந்தையில் மூட்டை அடுக்கியிருந்தாலும் அவர் பட்டினிதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு கூலிக்காரக் குடும்பத்துக்கு மாதத்தில் இருபது நாள் வேலை, நாளுக்கு இரண்டு அணா கூலி. மாத வரும்படி நாற்பது அணா. தானியம் படி ஒரு அணா என்றால் நாற்பது படி வாங்கலாம். இப்போது விலை மூன்று மடங்காகிறது, வேலை மட்டும் குறையவில்லை என்று வைத்துக்கொண்டால், நாற்பது படி பதின்மூன்று படியாகிவிடும். விலை ஏறவில்லை, வயல் காய்ந்ததால் வேலை ஐந்து நாளாகச் சுருங்கியது என்றால், பத்துப் படி கிடைக்கும். இரண்டும் ஒன்றாக நடந்தால்? பத்து அணாவுக்கு மூன்றரைப் படிகூட வராது. வறட்சியில் இரண்டும் ஒன்றாகத்தான் நடக்கும். விளைச்சல் மூன்றில் ஒரு பங்கு குறைந்த ஊரிலும் கூலிக்காரருடைய உணவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுவது இப்படித்தான்.

நெசவாளர் நிலை இன்னும் மோசம். சோற்றுக்கே வழியில்லாதபோது யார் வேட்டி வாங்குவார்? பஞ்சம் வந்ததும் முதலில் நிற்பது துணி வியாபாரம். நிலமே இல்லாத நெசவாளருக்குப் பயிர் கருகுவதற்கு முன்பே தறி நின்றுவிடும். அடுத்து சிறு புன்செய்க்காரர். மாட்டை விற்பார், பாத்திரத்தை விற்பார், நிலத்தை ஈடு வைப்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் மாட்டின் விலை விழும், தானியத்தின் விலை ஏறும். ஒரு மாட்டுக்குக் கிடைக்கும் தானியம் வாரத்துக்கு வாரம் குறையும்.

இதைப் புரிந்துகொண்டால் அரசு செய்யவேண்டியது என்ன என்பதும் தெரியும். ஊருக்குத் தானியம் வந்தால் மட்டும் போதாது. வாங்கும் சக்தியும் மக்கள் கையில் சேரவேண்டும். தாது வருஷத்தில் அரசு இந்த இரண்டிலும் தவறியது.

ஒரே ஆள், இரண்டு பஞ்சம்

இந்த விடைக்கு உயிர் கொடுக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் சர் ரிச்சர்ட் டெம்பிள்.

1866இல் ஒரிசாவில் பஞ்சம் வந்தபோது, சந்தை பார்த்துக்கொள்ளும் என்று வங்காள அரசு கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. மழைக்காலம் தொடங்கிய பிறகு கப்பல் கரைக்கு வர முடியவில்லை, உள்ளே போகச் சாலையும் இல்லை. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு அரசைக் கண்டித்தது. அந்த அவமானம் ஆறாத நிலையில் 1873–74இல் பீகாரில் மழை பொய்த்தது. அப்போது வைசிராயாக இருந்தவர் நார்த்புரூக். நிவாரணப் பொறுப்பு டெம்பிளிடம் வந்தது. அவர் பர்மாவிலிருந்து நாலரை லட்சம் டன்னுக்கு மேல் அரிசி இறக்கினார், மாட்டுவண்டிகளைத் திரட்டினார், தாராளமாகக் கூலி கொடுத்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவு. பிரிட்டிஷ் இந்தியாவில் அரசு முழு மூச்சாக இறங்கினால் பஞ்சச் சாவைத் தடுக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் அவருக்குப் பாராட்டுக்குப் பதிலாக வசவுதான் கிடைத்தது. அறுபது லட்சம் பவுனுக்கு மேல் செலவாகிவிட்டது, அரிசி மிஞ்சிவிட்டது, இந்தியர்களை உயிரோடு வைத்திருப்பது அரசின் கடமை என்ற தவறான எண்ணத்தை வளர்த்துவிட்டார் என்று லண்டன் பத்திரிகைகள் ஏசின. டெம்பிள் அந்தப் பாடத்தை நன்றாகவே படித்துக்கொண்டார்.

1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் அதே டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்குச் சிறப்புத் தூதராக அனுப்பினார். இந்த முறை சிக்கனம்தான் அவருடைய வேலை. இரண்டாம் ஆப்கான் போர் அடுத்த ஆண்டே வந்தது. கஜானாவைக் காப்பாற்றுவதுதான் லிட்டன் அரசின் முதல் அக்கறையாக இருந்தது. டெம்பிளை அனுப்பிய அதே மாதம் முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் பெரும் தர்பார் நடந்தது. மாணவர்கள் தர்பாரைத் தவறாமல் எழுதுகிறார்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தர்பாரின் செலவால் யாரும் சாகவில்லை. டெம்பிள் எழுதிய குறிப்புகளால் செத்தார்கள். அந்த இடத்தை விட்டுவிட்டு தர்பாருக்கு ஐந்து வரி கொடுப்பது வீண்.

ஒரு பவுண்டுக் கூலி

நிவாரணம் எப்படி இயங்கியது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். உடலுழைக்கக்கூடியவர்களுக்குச் சாலை, ஏரி, கால்வாய் வேலை. வேலை செய்ய முடியாதவர்களுக்கு முகாமில் சோறு அல்லது கஞ்சி. கஞ்சித் தொட்டி என்ற சொல்லை இன்றும் நாம் பயன்படுத்துகிறோம். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அந்தக் கால்வாய்க்கு இன்னும் இருக்கிறது.

இந்த நிவாரண வேலைக்கு டெம்பிள் நிர்ணயித்த கூலிதான் வரலாற்றில் ‘டெம்பிள் கூலி’ என்று நிலைத்துவிட்டது. வயது வந்த ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலை, அதோடு கொஞ்சம் சில்லறைக் காசு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. ஒரு பவுண்டு என்பது 450 கிராம் சொச்சம். நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி என்று வைத்தால், ஒரு பவுண்டில் 1,600 கலோரி. மண் வெட்டிச் சுமக்கிற ஓர் ஆணுக்கு இன்றைய ஊட்டச்சத்துக் கணக்கில் மூவாயிரத்துக்கு மேல் வேண்டும். அதாவது தேவையில் பாதியைக் கொடுத்துவிட்டு முழுநாள் வேலை வாங்கினார்கள். இப்படி வேலை செய்கிற உடம்பு தன் தசையையே தின்று வாழும். எவ்வளவு நாள் தாங்கும்?

அப்போதே இந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவர் அரசாங்கத்துக்குள்ளேயே இருந்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியமும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் வாதாடினார். தானியம் மட்டும் கொடுத்தால் புரதம் இல்லாமல் உடம்பு கரையும் என்பது அவர் வாதத்தின் சாரம். டெம்பிளோ ஒரு பவுண்டுக் கூலியை ஒரு சோதனையாகப் பார்க்கலாம் என்றார். சோதனை யார் மேல் நடந்தது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சில மாதங்களில் சென்னை அரசு கூலியை ஒன்றேகால் பவுண்டு தானியம், கொஞ்சம் பருப்பு என்று உயர்த்த வேண்டி வந்தது. அதற்குள் முகாம்களில் பலர் போய்விட்டார்கள்.

விடையில் கார்னிஷைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். ‘அந்தக் காலத்தில் ஊட்டச்சத்து அறிவு இல்லை, நம் கால அளவுகோலால் அவர்களை அளக்கக்கூடாது’ என்று ஒரு சமாதானம் அடிக்கடி வரும். அரசின் சொந்த மருத்துவரே எழுத்தில் எச்சரித்திருக்கிறார் என்றால் அந்தச் சமாதானம் நிற்காது. மக்களும் சும்மா இருக்கவில்லை. பம்பாய் மாகாணத்தில் ஒரு பவுண்டுக் கூலியை எதிர்த்து நிவாரணத் தொழிலாளர்கள் பெருந்திரளாக வேலையை விட்டு வெளியேறினார்கள். புணே சார்வஜனிக் சபா அவர்கள் சார்பில் அரசுக்கு மனு எழுதியது.

கூலியோடு இன்னொரு பொறியும் இருந்தது. அதன் பெயர் தூரச் சோதனை. வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கொடுத்தால் தேவையில்லாதவர்களும் வந்துவிடுவார்கள், பத்து மைலுக்கு அப்பால் கொடுத்தால் உண்மையிலேயே பசித்தவர் மட்டும்தான் வருவார் என்பது இதன் தர்க்கம். ஏமாற்றுக்காரரைத் தடுக்க வைத்த வடிகட்டி இது. நடந்தது என்ன? பத்து மைல் நடக்கத் தெம்பு இருந்தவர் வடிகட்டியைத் தாண்டினார். மிகவும் பசித்தவர், கைக்குழந்தைக்காரி, வயதானவர் வழியில் விழுந்தார்கள். உதவி யாருக்குத் தேவையோ அவர்களையே வெளியே நிறுத்தும் வடிகட்டியாக அது மாறியது. நிவாரணத்துக்குத் தாமதமாக வந்தவர்கள் ஏற்கெனவே எலும்பும் தோலுமாக வந்தார்கள். அவர்களால் வேலை செய்ய முடியாது, வேலை செய்யாவிட்டால் கூலி இல்லை.

சந்தை மேல் இருந்த பக்தி

இன்னொரு தவறு தானிய வணிகத்தைப் பற்றியது. இதைப் பெரும்பாலானோர் ‘ஏற்றுமதி செய்தார்கள்’ என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சென்னையின் ஆளுநர் பக்கிங்காம் பஞ்சத்தின் தொடக்கத்திலேயே ஒரு தனியார் வணிக நிறுவனத்தின் மூலம் சத்தமில்லாமல் முப்பதாயிரம் டன் தானியம் வாங்கினார். இதைக் கேட்ட லிட்டன் அரசு கோபப்பட்டது. அரசே வாங்கினால் வியாபாரிகள் பயந்து ஒதுங்கிவிடுவார்கள், விலை ஏறினால் அந்த ஏற்றமே தானியத்தை இழுத்துவரும், ஆகவே விலையைக் குறைக்கும் நோக்கத்தோடு அரசு எந்த வகையிலும் தலையிடக்கூடாது என்பது அவர்கள் நிலை.

இந்த வாதம் முழுக்க முட்டாள்தனம் அல்ல என்று முதலில் ஒப்புக்கொள்வது நல்லது. விலை ஏறியதும் வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் அரிசி சென்னைத் துறைமுகத்துக்கு உண்மையிலேயே வந்தது. கடற்கரையில் மூட்டைகள் மலைபோல் குவிந்தன. தனியார் வணிகம் தானியம் கொண்டுவரவில்லை என்று எழுதினால் அது பிழை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. விலை உயர்வு பணம் இருக்கும் இடத்துக்குத்தான் தானியத்தை இழுக்கும். மேலே போட்ட கணக்கில் பத்து அணாவோடு நிற்கிற கூலிக்காரர் எவ்வளவு பசித்தாலும் சந்தைக்கு அவர் பசி தெரியாது. அவரிடம் காசு இருந்தால்தான் தெரியும். ஆகவே ‘சந்தையில் தலையிட மாட்டோம்’ என்று சொல்லும் அரசு கூலியையாவது தாராளமாகக் கொடுத்திருக்க வேண்டும். கூலியை ஒரு பவுண்டாக வெட்டிவிட்டு, விலையையும் தொடமாட்டேன் என்றால் இரண்டு கதவும் அடைபட்டதாகிவிடும். என் பார்வையில் தாது வருஷக் கொள்கையின் மையமான தவறு இதுதான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிவிடலாம். சேர்த்துப் பார்த்தால் சமாதானம் கிடையாது.

ரயிலையும் இப்படியே எழுத வேண்டும். ரயில் உயிரைக் காப்பாற்றியதா, கொன்றதா? தண்டவாளம் போன ஊர்களுக்குத் தானியம் சேர்ந்தது, உண்மை. அதே தண்டவாளம் வழியாக, வறட்சி இல்லாத ஊர்களின் தானியமும் விலை அதிகமான இடம் தேடிப் போனது. அதனால் விளைச்சல் நன்றாக இருந்த ஊரிலும் விலை ஏறியது. தண்டவாளத்திலிருந்து தள்ளி இருந்த கிராமத்துக்கு வண்டி மாடு வேண்டும். மாடுகளோ தீவனமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதி 1877–78இல் சாதனை அளவைத் தொட்டது. மூன்று லட்சம் டன்னுக்கு மேல். அது பெரும்பாலும் வட இந்தியக் கோதுமை, சென்னை அரிசி அல்ல. இதை விடையில் தெளிவாகச் சொன்னால் உங்களுக்கு விஷயம் தெரியும் என்று திருத்துபவருக்குப் புரியும்.

வரியும் தண்ணீரும்

நிலவரியைப் பற்றி ரொமேஷ் சந்தர் தத் 1900இல் கர்சன் பிரபுவுக்கு எழுதிய கடிதங்களில் விரிவாக வாதாடினார். வரி கடுமையாக இருந்ததால் உழவர் கையில் நல்ல ஆண்டிலும் மிச்சம் நிற்கவில்லை, அதனால் ஒரு மழை பொய்த்தாலும் விழுந்துவிட்டார் என்பது அவர் கருத்து. தாதாபாய் நௌரோஜி இதையே இந்தியாவின் செல்வம் பிரிட்டனுக்கு வெளியேறுவதோடு இணைத்தார். கர்சன் அரசு 1902இல் ஒரு தீர்மானம் வெளியிட்டு மறுத்தது. பஞ்சத்துக்கு வரி காரணமல்ல, மழைதான் காரணம் என்றது. இந்தப் பகுதியை விடையில் மூன்று நான்கு வரிக்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. ரயத்துவாரி முறையில் வரியைக் காசாகக் கட்டவேண்டும் என்பதால் உழவர் அறுவடை முடிந்ததும் தானியத்தை மலிவாக விற்கவும், பின்னால் கடன் வாங்கவும் நேர்ந்தது என்ற தொடர்பை மட்டும் சொன்னால் போதும்.

பாசனத்துக்கு ஆர்தர் காட்டனை நினைவில் வையுங்கள். கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டியவர். ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள் என்று அவர் ஓயாமல் சொல்லிவந்தார். காவிரிப் படுகையான தஞ்சாவூரும் வானம் பார்த்த சேலமும் இந்தப் பஞ்சத்தில் எப்படித் தப்பின, எப்படித் தப்பவில்லை என்பதை ஒப்பிட்டால் அவர் பேச்சின் பொருள் விளங்கும்.

எத்தனை பேர்

எண்ணிக்கையில் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பத்தைந்து லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது அதிகம் மேற்கோள் காட்டப்படும் மதிப்பீடு. சுதேச சமஸ்தானங்களையும் சேர்த்து எண்பது லட்சத்தைத் தாண்டும் மதிப்பீடுகளும் உண்டு. ‘மதிப்பீடு’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். மக்கள்தொகைக் கணக்கிலேயே இது தெரிகிறது. 1871இல் மூன்று கோடியே பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த சென்னை மாகாணம், பத்து ஆண்டில் வளர்வதற்குப் பதிலாக 1881இல் மூன்று கோடியே எட்டு லட்சமாகச் சுருங்கியது. சேலம் மாவட்டத்தில் பத்தொன்பது லட்சத்துக்கு மேல் இருந்தவர்கள் பதினாறு லட்சத்துக்கு இறங்கினார்கள்.

குறைந்தவர்கள் எல்லோரும் இறந்தவர்கள் அல்ல. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து போனவர் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது. பிறக்காமல் போன குழந்தைகளும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். இன்னொன்று, 1877 செப்டம்பர், அக்டோபரில் மழை திரும்பியபோது சாவு நின்றுவிடவில்லை. ஓய்ந்துபோன உடம்புகளில் மலேரியா பரவியது. முகாம்களில் காலராவும் பேதியும் ஏற்கெனவே இருந்தன. பதிவேட்டில் ‘காய்ச்சல்’ என்று எழுதப்பட்ட சாவுகளுக்குப் பின்னாலும் பசி இருந்தது. பட்டினிச் சாவு குறைவு என்று அதிகாரிகள் சொன்னபோது இந்தப் பதிவேடுகளைத்தான் காட்டினார்கள்.

தனிமனிதர் உதவியும் இல்லாமல் இல்லை. லண்டனில் மேயர் திரட்டிய மேன்ஷன் ஹவுஸ் நிதி எட்டு லட்சம் பவுனைத் தாண்டியது. மாயூரத்தில் முன்சீப் வேதநாயகம் பிள்ளை தம் சொத்தைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். இது நிவாரணத்தைப் பற்றிய கேள்வி வந்தால் பயன்படும். நம் கேள்விக்குத் தேவையில்லை, ஆனாலும் தெரிந்திருக்கலாம்.

மறுபக்கம்

நல்ல விடையில் எதிர்வாதத்துக்கு ஓர் இடம் உண்டு. தீர்த்தங்கர் ராய் போன்ற பொருளியல் வரலாற்றாசிரியர்கள், அன்றைய அரசின் வருவாயும் தகவல் வசதியும் மிகக் குறைவு, பெரும் பஞ்சத்தைச் சமாளிக்கும் திறனே அதற்கு இல்லை என்கிறார்கள். மிஷெல் மெக்கால்பின், ரயிலும் சந்தை இணைப்பும் நாளடைவில் பஞ்சத்தின் கூர்மையைக் குறைத்தன என்று காட்டுகிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு, 1943 தவிர, பெரும் பஞ்சம் வரவில்லை என்பதும் உண்மை. மறுபக்கம் மைக் டேவிஸ், லிட்டன் அரசின் சித்தாந்தமே கொன்றது என்று கடுமையாக வாதிடுகிறார். எனக்கு ராயின் வாதத்தில் ஒரு இடைவெளி தெரிகிறது. திறன் இல்லை என்றால் 1874 பீகார் எப்படி நடந்தது? அங்கே பஞ்சம் இதைவிடச் சிறியது என்பது சரியான பதில், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றரை பவுண்டுக்குப் பதில் ஒரு பவுண்டு என்று முடிவெடுத்ததற்குத் திறன் குறைவு காரணமாக முடியாது.

பஞ்சத்துக்குப் பிறகு வந்தது சர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம். 1880இல் அறிக்கை கொடுத்தது. அதன் அடிப்படையில் 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவானது. விலை திடீரென ஏறுவது, வட்டிக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்துவது, மக்கள் கூட்டமாக ஊரை விட்டு அலைவது, திருட்டு கூடுவது போன்ற அறிகுறிகளை அதிகாரிகள் கண்காணிக்க வேண்டும். சோதனைக்காகச் சில இடங்களில் வேலை திறக்க வேண்டும், மக்கள் திரண்டு வந்தால் பஞ்சம் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த பிறகு உயிரைக் காப்பது அரசின் கடமை. இதற்கு முன்பே ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்சக் காப்பு நிதி என்று ஒதுக்கினார்கள். அதற்காகப் புது வரியும் போட்டார்கள். ஆனால் அந்தப் பணத்தின் ஒரு பகுதி ஆப்கான் போரால் வந்த செலவுக்குத் திரும்பியது என்று இந்தியத் தலைவர்கள் தொடர்ந்து குற்றம் சாட்டினார்கள்.

ஒரு மாதிரி விடை

இதையெல்லாம் 250 சொல்லுக்குள் அடக்கினால் எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்டுகிறேன்.

‘1876–78 தென்னிந்தியப் பஞ்சத்தின் தொடக்கம் இரு பருவமழைகளும் பொய்த்ததில் இருந்தது. ஆனால் வறட்சி பெருஞ்சாவாக மாறியது கொள்கையால். உணவு விலை ஏறியபோதே வேளாண் கூலியும் நெசவு வருவாயும் சரிந்ததால், சந்தைக்கு வந்த தானியத்தை வாங்கும் வழி ஏழைகளுக்கு அறுந்தது. அமர்த்தியா சென் இதனை உணவு பெறும் உரிமையின் வீழ்ச்சி என விளக்குகிறார். லிட்டன் அரசு தடையற்ற வணிகக் கோட்பாட்டின்படி விலையில் தலையிட மறுத்தது. சென்னை ஆளுநர் தானியம் வாங்கியதையும் கண்டித்தது. அதே வேளையில் டெம்பிள் நிவாரணக் கூலியை ஒரு பவுண்டு தானிய அளவுக்குக் குறைத்து, தூரச் சோதனையையும் வைத்தார். சுகாதார ஆணையர் கார்னிஷின் எச்சரிக்கை உடனே ஏற்கப்படவில்லை. மூன்றாண்டுக்கு முன் பீகாரில் இதே டெம்பிள் இறக்குமதியாலும் தாராள நிவாரணத்தாலும் சாவைத் தடுத்திருந்தார். ஆகவே மாற்று வழி அறியப்படாத ஒன்றல்ல. ஆர். சி. தத் நிலவரியையும், காட்டன் பாசனப் புறக்கணிப்பையும் நீண்டகாலக் காரணங்களாகக் கண்டனர். தீர்த்தங்கர் ராய் அரசின் குறைந்த திறனை வலியுறுத்துகிறார். கூலிக் குறைப்பு போன்ற முடிவுகளை அந்த வாதம் விளக்கவில்லை. 1880 ஆணையமும் 1883 விதித்தொகுப்பும் நிவாரணம் அரசின் கடமை என ஏற்றது, முந்தைய தோல்வியின் மறைமுக ஒப்புதல்.’

இதில் ஆண்டுப் பட்டியல் இல்லை, ‘கொடுங்கோல்’ போன்ற அடைமொழிகளும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததற்குக் காரணம் கொடுக்கிறது. மனப்பாடம் செய்துவிட வேண்டாம். உங்கள் கேள்வியில் ‘ரயில்வேயின் பங்கு’ என்று இருந்தால் கார்னிஷ் வரியைச் சுருக்கி ரயில் வாதத்தை உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும்.

1943 வங்காளத்தையும் சேர்த்துக் கேட்டால் ஒரே ஒரு தகவலைக் கூடுதலாக எழுதுங்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய பஞ்ச விதித்தொகுப்பு அப்போது நடைமுறையில் இருந்தது. அதன்படி பஞ்சம் என்று அறிவித்தால் அதில் சொன்ன அளவுக்கு உணவு கொடுத்தாக வேண்டும், அதற்குத் தானியம் கையில் இல்லை. ஆகவே வங்காள அரசு பஞ்சத்தை அறிவிக்கவே இல்லை.